சிறுகதையின் உருவம்: ஒரு தையல்கடைக் கதையை முன்வைத்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் அனுப்புன கதையில ஆரம்பம், நடு, முடிவு எல்லாம் இருக்கு. அப்புறம் ஏன் "இன்னும் கதையாகவில்லை"ன்னு திருப்பி அனுப்புறீங்க?

காலையில் கடை திறந்து, மதியம் சாப்பிட்டு, ராத்திரி கடை அடைத்தால் அதற்கும் ஆரம்பம், நடு, முடிவு உண்டு. அது ஒரு நாள். கதை ஆகாது. கடிகாரம் ஓடியதால் வந்த முடிவுக்கும், ஒருவன் செய்த காரியத்தால் வந்த முடிவுக்கும் வித்தியாசம் இருக்கிறது.

இதழுக்கு வருகிற கதைகளை முதல் சலிப்பு சலிப்பது என் வேலை. அதில் பாதிக்கு மேல் இந்த இடத்தில்தான் நின்றுவிடுகிறது. ஒரு மனிதர் வருகிறார், அவருக்கு ஒரு துன்பம் நேர்கிறது, அவர் வருந்துகிறார், கதை முடிகிறது. துன்பம் வந்த பிறகு அவர் என்ன செய்தார், அந்தச் செயல் அவரை எங்கே கொண்டுபோய் மாட்டியது என்பது இருக்காது.

மற்றவர் கதையைப் பிரித்துக் காட்டினால் மனம் புண்படும் என்பதால், நானே எழுதி நாலு முறை திருத்திய கதையை எடுத்துக்கொள்கிறேன். காசி ஒரு சிற்றூரில் தையல்காரர். தீபாவளிக்கு முந்தின நாள். பாக்கியம் ஆச்சி மூன்று வாரத்துக்கு முன்னால் மகனுக்குச் சட்டை தைக்கச் சொல்லி இரண்டேகால் மீட்டர் துணியும், அளவுக்கு ஒரு பழைய சட்டையும் கொடுத்திருக்கிறார். அந்த அளவுச் சட்டையை, கடையில் காஜா எடுக்கும் பையன் பழந்துணி என்று நினைத்துக் கிழித்து மிஷினுக்கு எண்ணெய் துடைத்துவிட்டான். இதுதான் கரு. இது மட்டும் இன்னும் கதை இல்லை. "அட பாவமே" என்று சொல்லி நகர்ந்துவிடக்கூடிய ஒரு செய்தி, அவ்வளவுதான். காசி அடுத்து என்ன செய்கிறார் என்பதில்தான் கதை தொடங்குகிறது.

எந்த இடத்துல ஆரம்பிக்கணும்? நான் எழுதுனா முதல் ரெண்டு பக்கம் அறிமுகத்துக்கே போயிடுது.

என் முதல் படியில் காசியின் அப்பா, அவர் சிங்கர் மிஷின் வாங்கிய கதை, காசி பத்தாவது தோற்றது, கடைக்கு வாடகை எவ்வளவு என்று ஒன்றரைப் பக்கம் ஓடியது. எதுவும் பொய்யில்லை, எழுத்தும் மோசமில்லை. ஆனால் ஒன்றரைப் பக்கமும் எதுவும் தொலையவில்லை.

பழைய நிலைமை குலைகிற நொடிக்கு எவ்வளவு பக்கத்தில் போய் ஆரம்பிக்க முடியுமோ அவ்வளவு பக்கத்தில் ஆரம்பியுங்கள். நாவலில் ஊரைச் சுற்றிவிட்டு வீட்டுக்குள் நுழையலாம். சிறுகதையில் நேராகத் திண்ணையில் ஏற வேண்டும். இப்போது என் கதையின் தொடக்கம் இது:

"சாயங்காலம் நாலு மணிக்குக் காசி ஆச்சியின் துணியை மேசையில் விரித்தார். டேப்பைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, அளவுச் சட்டைக்காகக் கையைப் பின்னால் நீட்டினார். ஆணியில் சட்டை இல்லை."

மூன்றாவது வாக்கியத்திலேயே ஒன்று குறைகிறது. தீபாவளிக்கு முந்தின நாள் என்பதை இன்னும் சொல்லவில்லை. அடுத்த பத்தியில், கடை வாசலில் ஆறு பேர் துணிக்காக நிற்பதைக் காட்டும்போது அது தானாக வந்துவிடுகிறது.

ரொம்பவும் நெருங்கிவிடக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். பையன் எண்ணெய் துடைத்துக்கொண்டிருக்கும் காட்சியிலேயே தொடங்கினால், அது யாருடைய சட்டை, அதனால் என்ன கெட்டுப்போனது என்பது வாசகருக்குத் தெரியாது. பதறத் தோன்றாது. எது குலையப்போகிறதோ அது ஒழுங்காக இருந்ததை இரண்டு வரியாவது காட்டிவிட்டுத்தான் குலைக்க வேண்டும். மேசையில் விரித்த துணியும் கழுத்தில் டேப்பும் அந்த இரண்டு வரி.

அப்போ அவரோட பழைய கதையை எங்கே சொல்றது?

தேவைப்படுகிற இடத்தில், தேவைப்படுகிற அளவு. "காசிகிட்ட கொடுத்தா ஒரு நூல்கூடத் தொலையாது" என்று ஊரில் அவருக்கு ஒரு பேர் உண்டு. முதல் படியில் அதை நானே சொல்லியிருந்தேன். இப்போது வாசலில் நிற்கும் ஒருவர் இன்னொருவரிடம் சொல்கிறார், அதுவும் காசி சட்டையைத் தேடிக்கொண்டிருக்கும்போது. அந்த நேரத்தில் காதில் விழுவதால் அது அறிமுகம் போலத் தெரியாது, அவரைக் குத்தும். பின்கதை பெரும்பாலும் இப்படி ஒரே வரியில் அடங்கிவிடும். அடங்கவில்லை என்றால் அது வேறு கதைக்கான சரக்கு.

சிக்கல்னா ஒரு எதிரி வேணுமா? என் கதையில எல்லாரும் நல்லவங்க.

என் கதையிலும் எல்லோரும் நல்லவர்கள்தான். காஜா பையன்கூட மிஷினைத் துடைத்து வைக்கலாமே என்ற நல்ல எண்ணத்தில்தான் செய்தான்.

வில்லன் வேண்டாம். ஒருவருக்கு ஒன்று வேண்டியிருக்க வேண்டும், அதை அடைய விடாமல் ஒன்று தடுக்க வேண்டும். காசிக்கு வேண்டியது, சட்டை தொலைந்தது ஆச்சிக்குத் தெரியாமல் புதுச் சட்டையைத் தைத்துக் கொடுத்துவிட வேண்டும், பேர் கெடக்கூடாது. தடுப்பது அளவு இல்லாமை, நேரம் இல்லாமை, அப்புறம் ஆச்சியே. இந்த ஆசையை ஒரு சின்ன வாக்கியமாக உங்களால் எழுத முடிகிறதா என்று பாருங்கள். "அவன் வாழ்க்கையின் அர்த்தத்தைத் தேடினான்" என்பது போல எழுதினால் அதைத் தடுக்க எதையும் கொண்டுவந்து நிறுத்த முடியாது. "ராத்திரி ஒன்பதுக்குள் இந்தச் சட்டையை முடிக்க வேண்டும்" என்றால் தடுப்பதற்கு ஆயிரம் வழி இருக்கிறது.

சிக்கல் "வளரணும்"னு சொல்றீங்க. அடுத்தடுத்து கஷ்டம் கொடுத்துக்கிட்டே போனா வளருமா?

நானும் அப்படித்தான் நினைத்தேன். இரண்டாவது படியில் மின்சாரம் போனது, ஊசி உடைந்தது, காசியின் பெண்ணுக்குக் காய்ச்சல் வந்தது, மழையும் பெய்தது. படித்த நண்பர், "பாவம், அவருக்கு சனி திசையா?" என்று கேட்டார். கஷ்டம் கூடியது, கதை அதே இடத்தில் நின்றது. அந்த நான்கு கஷ்டமும் வெளியிலிருந்து வந்து விழுந்தவை. மழைக்கும் காசி செய்ததற்கும் சம்பந்தம் இல்லை.

சிக்கல் வளர வேண்டுமானால், முதல் சிக்கலைச் சமாளிக்க அவர் செய்த காரியமே இரண்டாவது சிக்கலைக் கொண்டுவர வேண்டும். அதோடு, ஒவ்வொரு காரியமும் திரும்பிப் போகிற ஒரு வழியை அடைக்க வேண்டும். இப்போதைய படியில் அது எப்படி நடக்கிறது என்று பாருங்கள்.

சட்டை கிழிந்தது தெரிந்ததும் காசி ஆச்சி வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருக்கலாம். நாலு தெரு தள்ளித்தான் வீடு. போகவில்லை. பழைய அளவு நோட்டைப் புரட்டுகிறார். ஆறு வருஷத்துக்கு முன்னால் அந்தப் பையனுக்குத் தைத்த கணக்கு இருக்கிறது: மார்பு 34, தோள் 16, நீளம் 27. அப்போது அவனுக்குப் பதினெட்டு வயசு இருக்கும். இப்போது எவ்வளவு சதை போட்டிருப்பான்? குத்துமதிப்பாக இரண்டு அங்குலம் கூட்டிக்கொண்டு கத்தரியை வைக்கிறார். இந்த இடத்தில் ஒரு வழி அடைபட்டது. துணி இரண்டேகால் மீட்டர்தான், வெட்டியாயிற்று, தப்பானால் மாற்றுத் துணி கிடையாது.

அவசர அவசரமாக முடித்து எட்டு மணிக்கு மாட்டி வைக்கிறார். ஆச்சி வருகிறார். புதுச் சட்டையை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. "அந்தப் பழைய சட்டையைக் கொடு, காசி" என்கிறார்.

கதையின் திருகல் இங்கேதான். நாலு மணியிலிருந்து காசி வரிந்து கட்டிக்கொண்டு தீர்த்த பிரச்சினை, பிரச்சினையே இல்லை. ஆச்சிக்கு வேண்டியது வேறு. காசி பதறிப்போய், "அது வீட்டுல இருக்கு ஆச்சி, காலையில கொண்டாந்து தாரேன்" என்கிறார். பொய். அடுத்த வழியும் அடைபட்டது. நாலு மணிக்குச் சொல்லியிருந்தால் அது கவனக்குறைவு. இனி சொன்னால் ஏமாற்று.

ஆச்சி கோபப்படவில்லை. "பரவால்ல, நான் இருக்கேன். பையனை விட்டு எடுத்தாரச் சொல்லு" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுகிறார். உட்கார்ந்த இடம் வெட்டுத்துணி மூட்டைக்குப் பக்கத்தில்.

மழையும் காய்ச்சலும் இல்லாமலே காசியின் கழுத்து இறுகிவிட்டது. இறுக்கியதில் பாதி அவர் கை.

நடுப்பகுதி தொய்யுதுன்னு நண்பர்கள் சொல்றாங்க. எந்த இடத்துலன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ஒவ்வொரு காட்சியையும் ஒரு துண்டுச் சீட்டில் ஒரே வரியில் எழுதுங்கள். வரிசையாக அடுக்கி, இரண்டு சீட்டுகளை இடம் மாற்றிப் பாருங்கள். மாற்றியும் கதை ஒன்றும் ஆகவில்லை என்றால் அந்த இரண்டுக்கும் நடுவில் தொடர்பு இல்லை, தொய்வு அங்கேதான் இருக்கிறது. என் இரண்டாவது படியில் ஊசி உடைவதையும் மின்சாரம் போவதையும் தாராளமாக மாற்றலாம். இப்போதைய படியில் துணியை வெட்டுவதற்கு முன்னால் ஆச்சியைக் கடைக்கு வரவழைத்தால் கதையே விழுந்துவிடும்.

இன்னொரு சோதனை. சீட்டுகளை வாய்விட்டுப் படிக்கும்போது நடுவில் எந்தச் சொல் வருகிறது என்று கவனியுங்கள். "அப்புறம், அப்புறம், அப்புறம்" என்று வந்தால் அது நாட்குறிப்பு. "அதனால", "ஆனா" என்று வர ஆரம்பித்தால் பிடி கிடைத்துவிட்டது.

இந்தச் சீட்டு வேலையைக் கதை எழுதுவதற்கு முன்னால் செய்யச் சிலர் சொல்வார்கள். எனக்கு அது ஒத்துவரவில்லை. முன்கூட்டியே அடுக்கிவிட்டு எழுதும்போது எல்லாம் கணக்குப் போட்டு நகர்கிறது. முதல் படியைக் கண்டபடி எழுதிவிட்டுப் பிறகு சீட்டு போடுகிறேன்.

உச்சம்னா சத்தமான காட்சிதானா? சண்டை, அழுகை, விபத்து?

சத்தம் தேவையில்லை, தேர்வு தேவை. எல்லா வழியும் அடைபட்டு இரண்டே வழி மிச்சம் இருக்கிறது, இரண்டிலும் இழப்பு இருக்கிறது. கதையின் நாயகன் ஒன்றைச் செய்கிறான். அதுதான் உச்சம்.

காசிக்கு மிச்சம் இருந்தது இரண்டு. பையனை ஒப்புக்கு வீட்டுக்கு அனுப்பி, "காணலைண்ணே" என்று வந்து சொல்ல வைக்கலாம். பொய் நிற்கும், பேரும் ஓரளவு தப்பிக்கும். இல்லாவிட்டால் ஆறு வாடிக்கையாளர்கள் முன்னால், பண்டிகைக்கு முந்தின ராத்திரி, உண்மையைச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது படியில் காசி ஆச்சி காலில் விழுந்து அழுதார். ஒரு பக்க வசனம். படிக்கும்போது எனக்கே கூச்சமாக இருந்தது. இப்போது அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. வெட்டுத்துணி மூட்டையை எடுத்து, வாசலில் நிற்பவர்கள் பார்க்க, கடை நடுவில் கவிழ்க்கிறார். மண்டியிட்டுத் துழாவ ஆரம்பிக்கிறார். வாசலில் பேச்சு நின்றுபோகிறது. ஒப்புக்கொள்வதும் அதுதான், விலை கொடுப்பதும் அதுதான்.

இங்கே பலரும் செய்கிற தவறு, இந்தக் காரியத்தை வேறு யாராவது செய்துவிடுவது. காஜா பையன் ஓடிவந்து, "நான்தான் கிழிச்சேன் ஆச்சி" என்று சொல்லியிருந்தால் காசி தப்பித்திருப்பார், கதை செத்திருக்கும். அதுவரை வாசகர் காசியோடு சேர்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு வந்தவர். கடைசி நேரத்தில் தேர்வை இன்னொருவர் கையில் கொடுத்தால் ஏமாந்துபோவார்.

கடைசியில ட்விஸ்ட் வச்சாத்தானே நல்லா இருக்கும்?

என் முதல் படியின் ட்விஸ்ட்டைச் சொல்லிவிடுகிறேன். ஆச்சியின் மகன் இரண்டு வருஷத்துக்கு முன்பே செத்துப்போய்விட்டான், புதுச் சட்டை படையலில் வைக்கத்தான். கடைசி வரியில் அதை ஆச்சி சொல்வார், காசி சிலையாவார். அப்போது எனக்கு அது பிரமாதமாகப் பட்டது.

படித்த எல்லோரும் ஒரே கேள்வி கேட்டார்கள். நாலு தெரு தள்ளி நடந்த சாவு, ஊருக்கே சட்டை தைக்கிற காசிக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் இருந்தது. நான்தான் வாசகரிடமிருந்து ஒளித்துவைத்தேன். காசியின் மனசுக்குள் நுழைந்து அவர் நினைப்பதையெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தவன், இந்த ஒன்றை மட்டும் சொல்லாமல் விட்டேன். எழுத்தாளர் கையிலிருக்கும் சீட்டை முதுகுக்குப் பின்னால் மறைப்பது வாசகருக்குப் புரிந்துவிடும். அடுத்த கதையை அவர் நம்பிப் படிக்க மாட்டார்.

திருப்பம் வேண்டாம் என்று சொல்லவில்லை. எவர் கண் வழியாகக் கதை நகர்கிறதோ அவருக்கும் அது திருப்பமாக இருக்க வேண்டும். அது தெரிந்த பிறகு முன்னால் வந்த ஒரு சாதாரண வரி புது அர்த்தத்தில் திரும்பி வர வேண்டும். இப்போதைய படியில் மகன் ஆறு வருஷத்துக்கு முன்னால் வேலைக்கென்று வடக்கே போனவன். வருவான், வரமாட்டான் என்று யாருக்கும் தெரியாது, ஆச்சிக்கும் தெரியாது. நான் மறைக்க எதுவும் இல்லை.

துணி கொடுத்த அன்று ஆச்சி சொன்ன ஒரு வரியை மட்டும் கதையின் இரண்டாவது பத்தியில் காசி நினைத்துப்பார்க்கிறார்: "அளவுச் சட்டையைத் துவைச்சுராத, என்ன." துவைத்தால் சுருங்கி அளவு மாறிவிடும் என்று பயப்படுகிறார் என்று காசி எடுத்துக்கொள்கிறார். தையல்காரருக்கு அப்படித்தானே தோன்றும்? வாசகரும் அப்படியே எடுத்துக்கொண்டு மேலே போய்விடுவார்.

மூட்டையைக் கவிழ்த்த பிறகு ஒரே ஒரு துண்டு கிடைக்கிறது. காலர். காலருக்கு உள்ளே விறைப்பாகக் கேன்வாஸ் வைத்துத் தைத்திருப்பதால் எண்ணெய் துடைக்க உதவாது. அதனால் பையன் அதை மட்டும் கத்தரித்து மூட்டையில் போட்டிருக்கிறான். உள்பக்கம் கழுத்து உரசிய இடத்தில் அழுக்குக் கோடு அப்படியே இருக்கிறது. ஆச்சி அதை வாங்கி முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோகிறார். துவைக்காதே என்று ஏன் சொன்னார் என்று காசிக்கு அப்போதுதான் உறைக்கிறது. வாசகருக்கும் அதே நொடியில்.

ஒரு முடிவு "நிறைவா" இருக்குன்னு எதை வச்சுச் சொல்றீங்க? சோகமா முடிஞ்சா நிறைவு இல்லையா?

சோகத்துக்கும் நிறைவுக்கும் சண்டை இல்லை. தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்குப் பதில் வந்ததா என்பதுதான் கணக்கு.

பெரும்பாலான நல்ல கதைகளில் கேள்வி இரண்டாக இருக்கும். வெளியே ஒன்று: சட்டை கிடைக்குமா? உள்ளே ஒன்று: தன் பேரைப் பெரிதாக நினைக்கிற இந்த மனிதர் தவறை ஒப்புக்கொள்வாரா? வெளிக்கேள்விக்கு மட்டும் பதில் சொன்னால் கதை துப்பறியும் குறிப்பு போல முடியும். உள்கேள்விக்கு மட்டும் பதில் சொன்னால் நீதிபோதனை வகுப்பாகிவிடும். இரண்டும் ஒரே செயலில் தீர்ந்தால் வாசகர் புத்தகத்தை மூடிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பார். மூட்டையைக் கவிழ்ப்பது இரண்டையும் சேர்த்துத் தீர்க்கிறது. சட்டை முழுசாகக் கிடைக்கவில்லைதான். ஆனால் ஆச்சிக்கு எந்த இடம் வேண்டுமோ அந்த இடம் கிடைத்தது.

மகன் வருவானா என்பதற்கு நான் பதில் சொல்லவே இல்லை. யாரும் கேட்டதும் இல்லை, ஏனென்றால் கதை அந்தக் கேள்வியைக் காசியின் தலையில் ஏற்றவில்லை. "திறந்த முடிவு" என்று அனுப்பப்படும் பல கதைகளில் உள்ள கோளாறு இதுதான். எந்தக் கேள்விக்காக வாசகர் கடைசிப் பக்கம் வரை வந்தாரோ அதையே திறந்து விட்டுவிடுகிறார்கள். திறந்து விடுவதானால் வேறு கதவைத் திறந்து விடுங்கள்.

உச்சத்துக்குப் பிறகு எவ்வளவு எழுதலாம்?

சிறுகதையில் கொஞ்சம்தான். என் கதை மொத்தம் 1,400 வார்த்தை. சட்டை காணோம் என்று தெரிவது 50 வார்த்தைக்குள். மூட்டை கவிழ்வது ஏறத்தாழ 1,150இல். அதற்குப் பிறகு 250 வார்த்தை, அதிலும் பாதி காலரைத் தேடுவதிலேயே போய்விடுகிறது. இந்த எண்களை அளவு நோட்டில் குறித்துக்கொள்ள வேண்டாம், உங்கள் கதைக்கு வேறு அளவு வரும். பொதுவாக நான் பார்ப்பது, தொடக்கம் சின்னது, நடு பெரியது, முடிவு தொடக்கத்தையும்விடக் கொஞ்சமே பெரியது அல்லது அதைவிடச் சின்னது.

கடைசிப் பத்தியை எழுதிய பிறகு அதைக் கையால் மறைத்துவிட்டு, அதற்கு முந்தின பத்தியோடு நிறுத்திப் படித்துப் பாருங்கள். பத்துக்கு ஆறு தடவை அதுவே போதும் என்று இருக்கும். என் மூன்றாவது படி, "மனித மனத்தின் ஈரத்தை எந்த அளவு டேப்பாலும் அளக்க முடியாது என்று காசிக்குப் புரிந்தது" என்று முடிந்தது. எழுதிய அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை, அவ்வளவு சந்தோஷம். மறுநாள் அடித்தேன். காலரை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோன ஆச்சியைப் பார்த்துவிட்டவருக்கு அதற்கு மேல் யார் விளக்கம் சொல்ல வேண்டும்?

முக்கோணம் மாதிரி ஒரு படம் போட்டுக் கதை அமைப்பு சொல்லித்தர்றாங்களே, அதைப் பின்பற்றணுமா?

அந்தப் படம் ஜெர்மானிய எழுத்தாளர் குஸ்டாவ் ஃப்ரைடாக்கிடமிருந்து வந்தது. 1863இல் நாடகக் கலை பற்றி அவர் எழுதிய நூலில் ஐந்து அங்க நாடகங்களை அலசும்போது அதைப் போட்டார். அதில் உச்சம் நடுவில் இருக்கிறது. அதற்குப் பிறகு இறங்குவதற்கு இரண்டு அங்கம் இருக்கிறது. மேடையில் மணிக்கணக்கில் நடக்கிற நாடகத்துக்கு அது சரி. நாலு பக்கக் கதையில் உச்சத்தை நடுவில் வைத்தால் மீதி இரண்டு பக்கத்துக்கு என்ன செய்வீர்கள்? முக்கோணத்தின் முனையை வலது ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டால் சிறுகதைக்குப் பக்கத்தில் வரும்.

சிறுகதைக்கென்றே பேசியவர் எட்கர் ஆலன் போ. 1842இல் எழுதிய ஒரு மதிப்புரையில், ஒரே அமர்வில் படித்து முடிக்கக்கூடியதாக, ஒரே விளைவை நோக்கி எல்லா வரியும் போகிறதாக இருக்க வேண்டும் என்றார். எனக்கு முக்கோணத்தைவிட இதுதான் கைகொடுக்கிறது. காசியின் பெண்ணுக்கு வந்த காய்ச்சலை வெட்டியது இந்தக் கணக்கில்தான்.

இந்த உருவத்துக்குள் வராத நல்ல கதைகள் உண்டு. ஒரு மனநிலையை மட்டும் பிடித்துக்கொண்டு, பெரிய மோதல் எதுவும் இல்லாமல் நிற்பவை. அவற்றில் மோதல் இருக்கும் இடத்தில் வேறொன்று இழுத்துக்கொண்டிருக்கும். மொழியோ, ஒரு காட்சியை மெல்ல மெல்ல வேறாகப் பார்க்க வைப்பதோ. "என் கதை அந்த வகை" என்று சொல்லிக்கொண்டு வருகிறவற்றில் எதுவும் இழுக்காமல் கிடப்பவையே அதிகம் என்பது என் அனுபவம்.

முடிவு வரைக்கும் எழுதிட்டேன். அனுப்புறதுக்கு முன்னாடி எதைப் பார்க்கணும்?

மறுபடி முதல் பக்கத்துக்குப் போங்கள். முடிவில் பயன்படும் பொருள் முன்னால் ஒரு தடவையாவது, அலட்டிக்கொள்ளாமல், வேறு வேலையாக வந்துபோயிருக்க வேண்டும்.

எனக்கு விடுபட்டிருந்தது வெட்டுத்துணி மூட்டை. நாலாவது படியிலும் அது கடைசியில்தான் முதல்முறையாக வந்தது. காலர் அதிலிருந்து கிடைத்தபோது ஏதோ வசதிக்காக நான் கொண்டுவந்து வைத்தது போல இருந்தது. அதனால் நாலு மணிக் காட்சியில் ஒரு வரி சேர்த்தேன். காசி பையனை ஏசும்போது, "கிழிச்சதையெல்லாம் எங்கடா போட்ட?" என்று கேட்கிறார். பையன் எண்ணெய்த் துணிகளைக் காட்டிவிட்டு, "விறைப்பா இருந்த துண்டை மூட்டையில போட்டுட்டேண்ணே" என்கிறான். காசி காதில் வாங்கவில்லை, அளவு நோட்டைத் தேடிப் போய்விடுகிறார்.

அந்த வரியைச் சேர்த்த பிறகு இன்னொன்றும் நேர்ந்தது, நான் திட்டமிடாதது. நாலு மணிக்கே காலர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்திருக்கிறது. காசி நோட்டைத் தேடாமல் மூட்டையைத் தேடியிருந்தால், அதை எடுத்துக்கொண்டு அப்போதே நாலு தெரு நடந்திருக்கலாம்.